நான்கு மணிக்கு முடியும் விலை

அப்பாவின் கைபேசியில் ஏலக்காய் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. போடியில் ஏலம் முடிந்ததும் அன்றைய சராசரி விலை, உச்ச விலை, ஏலத்துக்கு வந்த குவியல் எத்தனை லாட்டு, எத்தனை கிலோ என்று நான்கு வரிகள் அதில் வந்துவிடும். அப்பா சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி இடது கையால் அதைத் திறந்து பார்ப்பார். காயைச் சந்தைக்கு அனுப்புவதா, வீட்டிலேயே மூட்டையில் வைத்திருப்பதா என்பதை அந்த நான்கு வரிகள்தான் தீர்மானிக்கும். இத்தனை வருடத்தில் அவை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அதனால் அந்தக் குழுவில் வருவது எதுவுமே பொய்யாக இருக்காது என்ற நம்பிக்கை, அவர் அறியாமலேயே அவருக்குள் ஏறியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தக் குழுவில் ஓர் இணைப்பு வந்தது. ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மெஷின், ஐம்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்ற விலையைச் சிவப்புக் கோட்டால் அடித்துவிட்டு, கீழே பதினான்காயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. மின்னல் விற்பனை. நேரம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம்.

எங்களுக்கு அப்போது ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டது. அது குழுவில் பலருக்கும் தெரியும்.

அம்மா இருபது வருடம் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். உலர்ந்த காயைச் சூட்டோடு தேய்த்துக் காம்பு நீக்கி, தூசி புடைத்து, தரம் பிரிக்கும் வேலை. அந்தப் புகையும் தூசியும் சேர்ந்து நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டன என்று தேனியில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர், ஒரு நாளில் குறைந்தது பதினாறு மணி நேரம். மூக்கில் குழாயை எடுத்தால் விரலில் மாட்டும் கருவியில் எண் தொண்ணூற்றிரண்டிலிருந்து எண்பத்திரண்டுக்கு வந்துவிடும். வருவதற்கு எட்டு நிமிடம் ஆகும். நான் அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.

எங்களிடம் இருந்தது வாடகை மெஷின். அதன் உள்ளே காற்றைச் சலிக்கும் பகுதி தேய்ந்துவிட்டதென்றும், வெள்ளிக்கிழமை எடுத்துப் போய்க் கோவைக்கு அனுப்ப வேண்டுமென்றும், மாற்று மெஷின் பத்து நாள் கழித்துத்தான் கிடைக்குமென்றும் தேனிக் கடைக்காரர் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அவரிடம் ஐம்பத்திரண்டாயிரம். கடைசியாகப் பறித்த காயை விற்ற பணம் நாற்பதாயிரம் அப்பாவிடம் இருந்தது. ஒரு மெஷின்தான் வாங்க முடியும், ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவை தப்பினால் பத்து நாளும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். போன முறை ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் அம்மாவுக்குக் கூடுதலாகச் சளிக் காய்ச்சல் தொற்றி, ஒரு லிட்டரில் இருந்தவர் இரண்டு லிட்டருக்குப் போனார்.

காலை பதினொன்றரைக்கு அப்பா அழைத்தார். அவர் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் இரண்டு ஏக்கரில் பறிப்பில் நின்றார். அங்கே சிக்னல் வரும், போகும்.

"ஆத்தா, குரூப்புல ஒண்ணு வந்திருக்கு, உனக்கும் அனுப்பியிருக்கேன். பாத்தியா? பதினஞ்சாயிரம். அம்மா மெஷினு."

"பாக்குறேம்ப்பா. பணம் எதுவும் போட்டுறாதீங்க."

"நாலு மணிக்கு முடிஞ்சு போகும்னு கடியாரம் ஓடுது. நான் மூணு மணிக்குள்ள மெட்டுக்கு எறங்கி டவர் புடிச்சுப் போட்டுறேன். நீ சும்மா..."

அதோடு குரல் அறுந்தது. திரும்ப அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. நிதானமாக மலையாளத்திலும் சொன்னது.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே உடையும் என்று தேடுவது வேலை. அம்மாவுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று விடுப்புச் சொல்லிவிட்டு நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். பயம் வந்தால் எண் போட்டு எழுதுவது என் பழக்கம். முதல் வரியில் "அப்பா மூன்று மணி" என்று எழுதினேன்.

முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணினியில் திறந்தபோது நேரம் பதினொன்று நாற்பது. அந்தப் பக்கத்தில் மீதம் நான்கு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் என்று ஓடியது. அப்படியானால் எனக்கு விற்பனை நாலு நாற்பதுக்கு முடியும். அப்பாவுக்கோ நாலு மணிக்கு. அம்மாவின் கைபேசியை எடுத்து அதிலும் திறந்தேன். மறுபடியும் ஐந்து மணி நேரத்திலிருந்து தொடங்கியது. அந்தக் கடிகாரம் விற்பனைக்கானது இல்லை, திறந்து பார்க்கிற ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சாவி கொடுக்கிறார்கள். அப்பா பதினோரு மணிக்குத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது விலை வரலாறு. ஒரு பொருளின் இணைப்பை ஒட்டினால் அதன் பழைய விலைகளைக் கோடாக வரைந்து காட்டும் தளங்கள் இருக்கின்றன. பெரிய கடைகளைத்தான் அவை தினமும் கவனித்துக் குறித்து வைக்கும். இந்த இணைப்பை ஒட்டியதும் இந்தக் கடையைப் பற்றி எதுவும் தெரியாது என்று வந்தது. அது மட்டும் குற்றமில்லை. சின்னக் கடையாகவும் இருக்கலாம். ஆகவே படத்தில் இருந்த அதே மாடல் எண்ணைப் பெரிய விற்பனைத் தளத்தில் தேடி, அதன் ஒரு வருடக் கோட்டை வரவழைத்தேன். முப்பத்தாறாயிரத்துக்குக் கீழே அது ஒரு நாளும் இறங்கியதில்லை. தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. வருடம் முழுக்க யாராலும் கொடுக்க முடியாத விலையை முன்பின் தெரியாத ஒருவன் இன்று பாதிக்கும் கீழே கொடுக்கிறான் என்றால், ஒன்று பொருள் வேறு, இல்லை பொருளே இல்லை.

மெஷின் வழக்கம்போல ஒரு மூச்சு இழுத்து, ஒரு தட்டுத் தட்டி, மறுபடி இழுத்தது.

"என்ன எழுதுற?" என்று அம்மா கட்டிலிலிருந்து கேட்டார்.

"ஆபீஸ் சோலிம்மா."

"ஆபீஸ் சோலிக்கு... என் போன எதுக்கு?"

சொன்னேன். அம்மா சிரித்தார். சிரித்தால் இருமல் வரும், வந்தது. அடங்கிய பிறகு சொன்னார்: "உங்கப்பா ஏலத்த... வெளியில நின்னு பாத்துப் பாத்தே... கை அரிச்சுப்போன மனுஷன். ஒரு நாளாச்சும்... ஏலம் கேக்குற ஆளா நிக்கணும்னு ஆச."

அந்தப் பேச்சை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. மறுபடி அப்பாவை அழைத்தேன். அதே பெண் குரல்.

அந்தத் தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்று பார்த்தேன். பத்தொன்பது நாட்களுக்கு முன். ஆனால் பக்கத்தின் அடியில் பதினைந்து வருட நம்பிக்கை என்று போட்டிருந்தார்கள். தொடர்பு முகவரி கோவையில் ஒரு தெரு. தொலைபேசி எண் கிடையாது, இலவச மின்னஞ்சல் முகவரி ஒன்று மட்டும். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்கே சந்தேகம் தளர்ந்தது. ஆனால் அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு முப்பத்துமூன்று. இது பூஜ்யம் ஏழில் தொடங்கியது, அது டெல்லி. அரசின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். டெல்லியில் ஒரு துணிக்கடை, பதிவு ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. யாருடைய செத்துப்போன எண்ணையோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகப் பொருளின் விவரத்தை வாசித்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். படத்தில் இருப்பது பெரிய மெஷின். பதினைந்து கிலோவாவது இருக்கும். கீழே எடை ஆறு கிலோ என்றிருந்தது. ஆக்சிஜன் சுத்தம் முப்பது முதல் தொண்ணூற்றுமூன்று சதவீதம் என்றிருந்தது. அம்மா போன்றவர்களுக்கான மெஷினில் ஐந்து லிட்டர் வைத்தாலும் தொண்ணூறுக்குக் கீழே போகக் கூடாது. இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளில் ஒரு லிட்டரில் தொண்ணூறு காட்டும். அளவைக் கூட்டக் கூட்டச் சுத்தம் சரியும். கடைசியில் வெறும் காற்றைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பணம் மட்டும் போனால் ஒரு மாதிரி. பெட்டி ஒன்று உண்மையாகவே வந்து, பச்சை விளக்கு எரிந்து, சத்தமும் போட்டு, மூக்கில் குழாயும் மாட்டி, நாங்கள் எல்லாரும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தால்?

மணி ஒன்று இருபது.

எங்கள் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் ஜீப்பு ஓட்டுநரின் எண் இருந்தது. அவர் மதியம் ஒரு தடவை லோடு எடுக்க மேலே போவார். அழைத்தேன்.

"அண்ணே, அப்பாவப் பாத்தா பணம் போட வேணாம்னு சொல்லுங்கண்ணே. மக சொன்னான்னு சொல்லுங்க."

"எதுக்குப் பணம் தங்கச்சி?"

"மெஷினுக்கு. அது கள்ளக் கடைண்ணே."

"கள்ளக் கடையா? மெட்டுலயா?"

"போனுலண்ணே."

"போனுல கடைன்னா நான் எங்கிட்டுப் போயித் தடுக்க?" என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "சொல்லிர்றேன் தங்கச்சி. ஆனா வழியில மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கு. வெட்டிக்கிட்டிருக்கானுவ. எப்பப் போய்ச் சேருவேன்னு சொல்ல ஏலாது."

பிறகு காத்திருந்தேன். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்தேன். விரலில் கருவியை மாட்டினேன்; தொண்ணூற்றொன்று. நோட்டில் எழுதினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்பாவை அழைத்தேன். அவர் வங்கிக் கணக்கின் குறுஞ்செய்தி எனக்கும் வரும்படி வைத்திருந்தேன். கைபேசி ஒவ்வொரு முறை அதிரும்போதும் அதுதான் என்று நினைத்தேன். ஒருமுறை மின்வாரியச் செய்தி. ஒருமுறை, அப்பாவுக்கு மலையில் சிக்னல் கிடைக்காதென்று குழுவின் நான்கு வரிகளை எனக்கு அனுப்பும் சித்தப்பா. அன்றைக்கு ஏலக்காய் விலை இறங்கியிருந்தது.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அப்பா அழைத்தார். பின்னால் பஸ்சு ஹாரன் கேட்டது. மெட்டுக்கு வந்துவிட்டார்.

"போட்டுட்டீங்களாப்பா?"

"இந்தா, போடத்தான் போறேன். நீ எதுக்கு இம்புட்டுக் கால் பண்ணியிருக்க? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அம்மா நல்லாருக்கு. அது பொய்க் கடைப்பா. வெல நம்புற மாதிரி இல்ல."

"ஏன் இல்ல?" அவர் குரலில் சூடு ஏறியது. "நம்ம காய் வித்த உச்ச வெல என்ன, அப்புறம் வித்தது என்ன? கால்வாசிக்கு வந்துச்சுல்ல? கண்ணு முன்னால விழுந்துச்சுல்ல? எவனாச்சும் நம்புனானா? காய்க்கு விழுகுற வெல மெஷினுக்கு விழுகாதா?"

அவர் வாழ்க்கை முழுவதும் அப்படி விலை விழுவதைப் பார்த்தது. நம்ப முடியாத விலை என்ற ஒன்றே அவருக்குக் கிடையாது. விழும்போது யார் முந்துகிறார்களோ அவர்கள் பிழைத்தார்கள்.

"யாரு விக்கிறான்னே தெரியலப்பா."

"ஏலத்துல மட்டும் யாரு காயின்னு தெரியுமா? லாட்டு நம்பருதான் இருக்கும். காய் நல்லாருந்தா எடுப்பான்."

"எப்படித் தெரியும் நல்லாருக்குன்னு?"

"சாம்பிள் தட்டுல இருக்கும். கையில எடுத்து, உரிச்சு, மோந்து..." என்று தொடங்கியவர் நின்றார்.

"உங்ககிட்ட என்ன சாம்பிள் இருக்கு?"

ஆனால் அவர் மனம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது அவருக்கும்தான். "இன்னும் அம்பது நிமிசந்தான் ஓடுது ஆத்தா," என்றார், கெஞ்சுவதுபோல. அப்பா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

நான் அப்போது சொன்னதை இன்றைக்கும் சரியா தவறா என்று யோசிக்கிறேன். "சரிப்பா. பணம் அனுப்புறது வரைக்கும் போங்க. ரகசிய எண் கேக்கும்ல, அதுக்கு முன்னால யாருக்குப் போகுதுன்னு ஒரு பேரு வரும். அத எனக்கு வாசிங்க. எண்ண மட்டும் அமுக்காதீங்க. அமுக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

அழைப்பைத் துண்டிக்காமலேயே அவர் திரையைத் தடவுவது கேட்டது. ஒரு பஸ்சு கிளம்பியது. யாரோ டீ கேட்டார்கள். அவர் கை பழக்கத்தில் நான்கு எண்ணையும் அமுக்கிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நானே அவரை அந்த இடம் வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்தியிருக்கிறேன். பேனாவால் நோட்டில் ஒரே புள்ளியைக் குத்திக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆளு பேரு வருது," என்றார். "வடக்கத்திப் பேரு. கம்பெனி பேரு இல்ல."

"பாருங்க. கம்பெனின்னா கம்பெனி பேருலதானப்பா வாங்கணும்."

அவர் திரையை மறுபடி தடவுவது கேட்டது. பிறகு, "மூடிட்டேன்," என்றார்.

"ரொம்ப நல்லதுப்பா. குரூப்புல ஒரு வார்த்தை சொல்லிருங்க. வேற யாரும் போட்டுறக் கூடாது."

"அதெப்புடி? குரூப்புல அத அனுப்புனவரு யாருன்னு தெரியும்ல? அவரு ஸ்டோர்லதான் நம்ம காய் காயுது. அம்மா அந்த ஸ்டோர்லதான் இருபது வருசம். அம்மாவுக்குன்னு நெனச்சுத்தான் போட்டிருப்பாரு. முந்நூறு பேரு முன்னால நீ போட்டது கள்ளச்சரக்குன்னு சொல்லவா?"

"தனியாச் சொல்லுங்க."

"சொல்றேன், பாக்கும்போது."

நானும் அதோடு விட்டுவிட்டேன். நோட்டில் "குழுவுக்குச் சொல்ல" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போட்டேன். செய்து முடித்தால் அந்தக் கட்டத்தில் கோடு போடுவேன்.

புதன்கிழமை காலை அப்பா கீழே இறங்கி வந்தார். இருவருமாகப் பெரிய விற்பனைத் தளத்தில் அதே மாடலைப் பார்த்தோம். அங்கேயும் சலுகைதான். அறுபத்தெட்டாயிரத்தை அடித்துவிட்டு முப்பத்தேழாயிரத்து நானூறு. நாற்பத்தைந்து சதவீதத் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். விலைக் கோட்டை அப்பாவிடம் காட்டினேன். மாதக்கணக்காக முப்பத்தெட்டாயிரத்தை ஒட்டி ஓடிய கோடு, பத்து நாளைக்கு முன் திடீரென்று நாற்பத்தாறுக்கு ஏறி, அன்று காலை முப்பத்தேழுக்கு இறங்கியிருந்தது. அறுபத்தெட்டாயிரத்துக்கு அது ஒரு நாளும் விற்றதே இல்லை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "எறங்குமுகம். இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா முப்பதுக்கு வரும்."

"இது எறங்கலப்பா. ஏத்தி வச்சு எறக்கிக் காட்டுறாங்க. தள்ளுபடி பொய். வெல மட்டும் நெசம். எப்பவும் விக்கிற வெலதான்."

"அப்ப இவனும் பொய் சொல்றான்."

"சொல்றாங்க. ஆனா பொருள் இருக்கு."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவனிடம் எதற்கு வாங்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதே பக்கத்தில் அதே மெஷினை மூன்று பேர் விற்றார்கள். அன்று காலை புதிதாக ஒருவர் முப்பத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போட்டிருந்தார். அப்பாவின் விரல் அங்கே போய் நின்றது. அந்த விற்பனையாளரைத் திறந்தேன். வந்து ஒரு மாதம். நான்கே நான்கு மதிப்பீடுகள், நான்கும் கைபேசி உறைக்கு. முப்பத்தேழாயிரத்து நானூறு சொன்னவர் ஏழு வருடமாக விற்கிறார். மதிப்பீடுகளில் திட்டியவர்களும் இருந்தார்கள். பெட்டி நசுங்கி வந்தது, தாமதம் என்று. திட்டியவர்கள் இருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவருடைய ஜிஎஸ்டி எண் நடப்பில் இருந்தது. பெயரும் ஊரும் பொருந்தின. மருத்துவக் கருவி வியாபாரம் என்றிருந்தது. அதோடு விடாமல், மெஷினைச் செய்யும் நிறுவனத்தின் சேவை எண்ணை அவர்கள் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து அழைத்தேன். பேசிய பெண் இரண்டு விற்பனையாளர்களின் பெயரையும் கேட்டு, ஒருவர் பட்டியலில் இருக்கிறார், மற்றவர் இல்லை, அவரிடம் வாங்கினால் உத்தரவாதம் கிடையாது என்றார்.

"ரெண்டு லிட்டரு காத்துக்கு என்னா வெசாரண," என்றார் அம்மா. "எனக்கு மாப்ள பாத்தப்பக்கூட... இம்புட்டு விசாரிக்கல. அதான்... இந்தக் கெதி."

அப்பா சிரிக்காமல், "போடு," என்றார். பணத்தைக் கட்டினேன். வெள்ளிக்கிழமை வந்து சேரும் என்று காட்டியது.

வெள்ளிக்கிழமை காலை அது மதுரையில் இருந்தது. பதினொரு மணிக்கும் மதுரையில் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தேனிக் கடைக்காரர் வந்து வாடகை மெஷினை எடுத்துக்கொண்டு, ஒரு சிலிண்டரைக் கொடுத்தார். இரண்டு லிட்டரில் வைத்தால் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். மெஷின் சத்தம் போனதும் வீடு பயங்கரமாக அமைதியானது. சிலிண்டருக்குச் சத்தம் கிடையாது. முள் மட்டும் நகரும். அரை மணிக்கு ஒருமுறை முள்ளின் இடத்தை எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது எல்லாமே சரியாக இருந்து, இந்த உண்மையான கடையில்மட்டும் நான் எதையோ பார்க்காமல் விட்டிருந்தால் என்று மனம் ஓடியது. நான்கு மணியும் ஆயிற்று. அப்பா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

ஐந்தேகாலுக்கு வண்டி வந்தது. பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்தக் கனத்தை உணர்ந்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெட்டியின் மேலிருந்த வரிசை எண்ணும் மெஷினின் முதுகில் இருந்ததும் ஒன்றா என்று பார்த்தேன். பில்லில் இருந்ததும் அதே. ஆனால் எண்ணெல்லாம் எண்தான். சுத்தத்தை அளக்கும் கையடக்கக் கருவி தேனிக் கடைக்காரரிடம் இருந்தது. அவரிடம் வாங்காமல் வேறு இடத்தில் வாங்கியும், கேட்டதும் கொண்டுவந்தார். குழாயை அதில் மாட்டி மெஷினை ஓடவிட்டோம். அறுபத்தைந்து காட்டியது. அப்பா என்னைப் பார்த்தார்.

"இருங்க. சூடாக அஞ்சு நிமிசம் ஆகும்," என்றார் கடைக்காரர்.

எழுபத்தெட்டு. எண்பத்தாறு. எண்பத்தொன்பதில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றுமூன்று. ஐந்து லிட்டருக்குத் திருப்பினார். தொண்ணூற்றுமூன்றிலேயே நின்றது. அம்மாவின் மூக்கில் குழாயை மாட்டினேன்.

"அதே காத்துத்தான்," என்றார் அம்மா.

அப்பா அந்தக் கருவியின் திரையைப் படம் எடுத்தார். சந்தோஷத்தில் குழுவில் போடத் தோன்றியிருக்கிறது. படத்தோடு குரல் பதிவும் அனுப்பினார். அம்மாவுக்கு மெஷின் வாங்கியாயிற்று, நல்ல மெஷின், செவ்வாய்க்கிழமை வந்த இணைப்பு வேண்டாம், அது சரியில்லை என்று என் மகள் பார்த்துச் சொன்னாள், யாரும் ஏமாறாதீர்கள். பட்டும் படாமலும் சொன்னார். நான் நோட்டை எடுத்து அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன்.

இரண்டு நிமிடத்தில் அப்பாவின் கைபேசி ஒலித்தது. ஸ்டோர்க்காரர்தான். ஒலியைக் கூட்டி வைத்துத்தான் அப்பா பேசுவார்.

"தம்பி, என்ன சொல்ற நீ? நான் நேத்துக் கட்டிட்டேனே. எங்க அண்ணனுக்குன்னு. இன்னும் மூணு மணி நேரம் இருக்குன்னு காட்டுச்சே."

நேற்று என்றால் வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை முடிந்திருக்க வேண்டிய விற்பனை. கடிகாரம் ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தொடங்குகிறது என்பதை நான் நோட்டில் இரண்டாவது வரியிலேயே எழுதி வைத்திருந்தேன். அப்பா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"ஆத்தா," என்றார் ஸ்டோர்க்காரர். குரல் அதற்குள் சிறுத்திருந்தது. "மெஷினு வருமா, வராதா? அண்ணனுக்குத் திங்கக்கெழம ஆஸ்பத்திரில இருந்து அனுப்புறாக."

"வராது மாமா," என்றேன். "வந்தாலும் அத மாட்டாதீங்க."

பணம் போன இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் சொன்னால் சில சமயம் பிடித்து நிறுத்த முடியும். எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்று கேட்டேன். நேற்று மத்தியானம் என்றார். மத்தியானம் என்றால் எத்தனை மணி. சாப்பிட்டுவிட்டு என்றார். இங்கே மணி ஆறு தாண்டியிருந்தது. புதுப் பக்கம் திருப்பினேன். கட்டிய நேரம், எந்தச் செயலி, பரிவர்த்தனை எண், திரையில் வந்த பெயர். முதலில் சைபர் குற்றப் புகார் எண்ணுக்கு அழைக்க வேண்டும், பிறகு வங்கிக்கு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர், "சரித்தா, சரித்தா," என்று கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்கிறாரா என்று தெரியவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் புது மெஷின் பழையதைவிடக் கொஞ்சம் வேகமாகத் தட்டியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கட்டங்களைப் போட்டு முடித்து, மாமாவிடம் முதல் கேள்வியை மறுபடி கேட்டேன்.